அரசுக்குத் தெரியாததைக் கேட்கட்டும் அந்த மின்னஞ்சல்

ஜூன் பிறந்துவிட்டால் ஆடிட்டர் அலுவலகங்களிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போகும். 'வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் காலம் நெருங்குகிறது. படிவம் 16, எல்லா வங்கிக் கணக்குகளின் அறிக்கை, வட்டிச் சான்றிதழ், முதலீட்டு ரசீதுகள், சொத்து ஏதும் விற்றிருந்தால் அதன் விவரம் ஆகியவற்றை விரைவில் அனுப்பவும். கடைசித் தேதி ஜூலை 31.' ஊருக்கு ஊர் வாசகம் கொஞ்சம் மாறும்; உள்ளடக்கம் இதுதான். எல்லோருக்கும் ஒரே கடிதம்.

தணிக்கைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு காலத்தில் இந்தக் கடிதம் போதுமானதாக இருந்தது. வாடிக்கையாளர் சொன்னால்தான் அவர் வருமானம் நமக்கும் தெரியும், துறைக்கும் தெரியும் என்றிருந்த காலம் அது. 2021 நவம்பரில் ஆண்டுத் தகவல் அறிக்கை வந்த பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. ஏஐஎஸ் என்று நாங்கள் சொல்லும் அந்த அறிக்கையில் உங்கள் சேமிப்புக் கணக்கு வட்டி, வைப்புத்தொகை வட்டி, பங்கு ஈவுத்தொகை, விற்ற மியூச்சுவல் ஃபண்ட், பிடித்த டிடிஎஸ் எல்லாம் பான் எண்ணின் கீழ் வந்து நிற்கின்றன. 30 லட்சம் ரூபாய்க்கு மேல் சொத்து கைமாறினால் சார்பதிவாளர் அலுவலகமே துறைக்குத் தகவல் அனுப்பிவிடுகிறது. அரசுக்கு ஏற்கெனவே தெரிந்த இந்த விவரங்களுக்காக ஒரு முதியவரை நான்கு வங்கிகளுக்கு அலையவிடுவதில் அர்த்தமில்லை. அந்த மின்னஞ்சல் வருந்திக் கேட்க வேண்டியது, அரசுக்குத் தெரியாத விவரங்களை.

ஏஐஎஸ் உங்களுக்கு வந்த பணத்தைக் காட்டும். அந்தப் பணம் வருவதற்கு நீங்கள் என்றோ போட்ட முதலைப் பெரும்பாலும் காட்டாது. வரியோ, வந்த பணம் முழுவதற்கும் அல்ல. முதல் போக மிஞ்சும் லாபத்துக்குத்தான். இந்த இடைவெளியில்தான் ஆண்டுதோறும் சாதாரணக் குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாகப் புரிவதற்காக முழு எண்களாகவே வைத்துக்கொள்கிறேன். 1986-ல் நகரத்தை ஒட்டி ஒரு மனையை 1 லட்சம் ரூபாய்க்குத் தம் பெயரில் வாங்கினார். 2024 அக்டோபரில் அதை 48 லட்சத்துக்கு விற்றார். பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிட்டார். பொது மின்னஞ்சல் அவருக்கும் போகிறது. படிவம் 16-ஐயும் வங்கிப் புத்தக நகலையும் அனுப்புகிறார். மனையைப் பற்றி எழுதவில்லை. மறைக்கும் எண்ணம் துளியும் கிடையாது. 'விற்றதுதான் பத்திரப் பதிவோடு முடிந்துவிட்டதே, முத்திரைத் தீர்வையும் வாங்கினவர் கட்டிவிட்டாரே' என்பது அவர் நினைப்பு. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும்தான் வருமான வரி என்று நம்புகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

ஏஐஎஸ்-ஐ இறக்கிப் பார்க்கும்போது 48 லட்சம் தெரிகிறது. ஆடிட்டர் தொலைபேசியில் கேட்கிறார். அம்மா பதறிப்போய் பீரோவிலிருந்து 1986 பத்திரத்தை எடுத்து அனுப்புகிறார். இங்கே பல அலுவலகங்கள் நின்றுவிடுகின்றன. வாங்கிய விலை 1 லட்சம், விற்ற விலை 48 லட்சம், லாபம் 47 லட்சம். 12.5 சதவீத விகிதத்தில் வரி 5 லட்சத்து 87 ஆயிரத்து 500 ரூபாய். பத்திரமே கிடைக்காமல் முதலைப் பூஜ்யமாக வைத்திருந்தால் 6 லட்சம். பத்திரம் தேடிய பாடு 12 ஆயிரத்து 500 ரூபாயைத்தான் மிச்சப்படுத்தியது.

ஆனால் சட்டம் இன்னொரு வழி வைத்திருக்கிறது. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, வாங்கிய விலைக்குப் பதிலாக அந்த நாளில் இருந்த சந்தை மதிப்பை முதலாக எடுத்துக்கொள்ளலாம். நிலம், கட்டடமாக இருந்தால் அந்த மதிப்பு அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. நம் ஆசிரியையின் மனைக்கு அன்றைய வழிகாட்டி மதிப்பு 10 லட்சம் என்று வைப்போம். உடனே லாபம் 38 லட்சமாகக் குறைகிறது, 12.5 சதவீத வரி 4 லட்சத்து 75 ஆயிரம்.

இன்னொரு படியும் உண்டு. 2024 ஜூலை 23 முதல் நிலம், வீடு விற்பனைக்கு விலைவாசிக் குறியீட்டுச் சலுகை எடுக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும், அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டும், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய முறைப்படியும் கணக்குப் போட்டு எது குறைவோ அதைக் கட்டலாம் என்று தளர்த்தினார்கள். குறியீட்டெண் 2001-02-ல் 100, 2024-25-ல் 363. ஆக 10 லட்சம் 36 லட்சத்து 30 ஆயிரமாகிறது. லாபம் 11 லட்சத்து 70 ஆயிரம். அதற்கு 20 சதவீதம் 2 லட்சத்து 34 ஆயிரம். செஸ் தனி.

5 லட்சத்து 87 ஆயிரத்து 500 எங்கே, 2 லட்சத்து 34 ஆயிரம் எங்கே! வித்தியாசம் மூன்றரை லட்சத்துக்கு மேல். ஓர் ஓய்வூதியருக்கு அது எத்தனை மாத ஓய்வூதியம் என்று அவரவர் கணக்குப் பார்க்கலாம். இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு தாள்: 2001 ஏப்ரல் 1 அன்று அந்தப் புல எண்ணுக்கோ தெருவுக்கோ இருந்த வழிகாட்டி மதிப்பு. பொது மின்னஞ்சல் பட்டியலில் இந்தத் தாள் இருக்காது. வாடிக்கையாளருக்கு அப்படி ஒன்று உண்டென்பதே தெரியாது. கேட்க வேண்டியவர் ஆடிட்டர்.

அந்தத் தாள் ஒரே நாளில் கிடைத்துவிடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் புல எண், கிராமம் குறிப்பிட்டு விண்ணப்பித்து வாங்க வேண்டும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கையும் பெறுவது நல்லது. இடையில் உட்பிரிவு நடந்து புல எண் மாறியிருந்தால் பழைய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்திரம் தொலைந்திருந்தால் வில்லங்கச் சான்றை இணையத்தில் போட்டுப் பார்த்து, ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்துகொண்டு, சான்றிட்ட நகலுக்கு மனு கொடுக்க வேண்டும். ஜூலை 25-ல் கேட்டால் இதில் எதுவும் நடக்காது.

இதில் அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 48 லட்சத்துக்கு விற்றார் என்ற தகவலைத் துறைக்கு அனுப்பும் பதிவுத்துறையின் புத்தகங்களில்தான் 1986 பத்திரமும் இருக்கிறது. 2001 வழிகாட்டிப் பதிவேடும் அதே துறையுடையதுதான். விற்பனை விலையை மட்டும் அனுப்பிவிட்டு மற்ற இரண்டையும் குடிமகன் தேடிக்கொண்டு வரட்டும் என்று விடுவது நியாயமில்லை. 2001 மதிப்பை ஊர்வாரியாக, பழைய புல எண்களோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

அது நடக்கும்வரை பொறுப்பு அந்த மின்னஞ்சல் மேல்தான். அதை எப்படி எழுதலாம்? ஆவணங்களின் பெயரைக் கேட்பதைவிட ஆண்டில் நடந்ததைக் கேட்பது பலன் தரும். 'மூலதன ஆதாயம் தொடர்பான ஆவணங்கள்' என்று எழுதினால் நம் ஆசிரியை தனக்கில்லை என்று கடந்துபோவார். இப்படி எழுதினால் கடந்துபோக முடியாது:

'வணக்கம் அம்மா. கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை மனை, வீடு, வயல் எதையாவது விற்றீர்களா? கூட்டாக விற்றதும், கட்டுமானக்காரருக்கு எழுதிக் கொடுத்ததும் இதில் சேரும். ஆம் என்றால் விற்ற பத்திரம், வாங்கிய பத்திரம் இரண்டின் எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள். 2001-க்கு முன் வாங்கியதென்றால் உடனே என்னைத் தொலைபேசியில் அழையுங்கள். இன்னொரு தாள் வாங்க வேண்டியிருக்கும். வீட்டு வாடகை வருகிறதா? கூட்டுறவுச் சங்கத்திலோ தெரிந்தவரிடமோ வட்டிக்குப் பணம் போட்டிருக்கிறீர்களா? மைனர் பேரப்பிள்ளை, பிள்ளை பெயரில் போட்ட வைப்புத்தொகை உண்டா? இல்லை என்றால் இல்லை என்றே ஒரு வரி எழுதுங்கள்.'

கடைசி வரி முக்கியம். பதில் வராததை இல்லை என்று எடுத்துக்கொண்டு கணக்கை முடிப்பதுதான் பின்னால் வரும் நோட்டீஸ்களுக்கு வித்து. கூட்டாக விற்ற சொத்தில் சில நேரம் முழுத் தொகையும் ஒவ்வொரு கூட்டாளியின் ஏஐஎஸ்-இலும் ஏறிவிடுகிறது. அண்ணன், தங்கை இருவர் பேரிலும் 48 லட்சம் நிற்கும். அதைத் திருத்தச் சொல்லித் துறையின் தளத்திலேயே பதில் பதிவு செய்ய வழியிருக்கிறது. அதற்கும் பத்திரத்தில் பங்கு எப்படி எழுதியிருக்கிறது என்று ஆடிட்டர் பார்த்தாக வேண்டும். வாடகையும் கைமாற்று வட்டியும் ஏஐஎஸ்-இல் வராமலே போகலாம். வராததால் அவை வருமானமில்லை என்று ஆகிவிடாது.

கேட்க வேண்டியதைக் கேட்பதோடு, கேட்கத் தேவையில்லாததை விட்டுவிடவும் வேண்டும். இன்று ஒருவர் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய வரி முறைதான் பொருந்தும். அதில் எல்ஐசி பிரீமியம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு எதற்கும் கழிவு இல்லை. போன ஆண்டுக் கணக்கை வைத்து இரண்டு முறையிலும் உத்தேசமாகப் போட்டுப் பார்த்தால், யாருக்குப் பழைய முறை லாபம் என்று ஆடிட்டருக்கே தெரிந்துவிடும். அவர்களிடம் மட்டும் ரசீது கேட்டால் போதும். அவர்களிடம் முழுதாகக் கேட்க வேண்டும்: 2025-ல் நிரப்பிய படிவங்களிலிருந்து பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், வீட்டுக் கடன் கணக்கு எண் போன்றவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. 'எல்ஐசி 42,000 கட்டினேன் சார்' என்ற வாட்ஸ்அப் செய்தி போதாது.

இனி கெடு. ஜூலை 31 அரசின் தேதி. அதையே மின்னஞ்சலில் கடைசித் தேதி என்று எழுதுவது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவது. நிறுவனங்களும் வங்கிகளும் நான்காம் காலாண்டு டிடிஎஸ் விவரத்தையும், பெரிய பரிவர்த்தனை விவரங்களையும் மே 31-க்குள் கொடுக்க வேண்டும். படிவம் 16 ஜூன் 15-க்குள் கைக்கு வர வேண்டும். அதற்கு முன் அவசரப்பட்டுத் தாக்கல் செய்தால் ஏஐஎஸ் பாதிதான் நிரம்பியிருக்கும். திரும்பத் திருத்த வேண்டிவரும். ஆக உண்மையில் கைவசம் இருப்பது ஒன்றரை மாதம். மின்னஞ்சல் ஜூன் முதல் வாரத்தில் போக வேண்டும். ஆவணம் வந்துசேர ஜூலை 5 என்று நாள் குறிக்கலாம். அதற்குப் பின் வருபவை வந்த வரிசைப்படிதான் எடுக்கப்படும் என்று பணிவாகவும் தெளிவாகவும் எழுதிவிட வேண்டும்.

கடைசி நாள் நெரிசலுக்குச் சாட்சி துறையின் எண்ணிக்கையே. 2024 ஜூலை 31 வரை வந்த 7 கோடியே 28 லட்சம் கணக்குகளில் ஏறத்தாழ 70 லட்சம் அந்த ஒரே நாளில் தாக்கலானவை. அந்த நாளில் கணக்குப் போடுகிற எவரும் 2001 வழிகாட்டி மதிப்பைத் தேடப்போவதில்லை. கையில் இருப்பதை வைத்து முடிப்பார்கள்.

'எப்படியும் நீட்டிப்பார்கள்' என்பது இன்னொரு நம்பிக்கை. 2025-ல் அப்படித்தான் ஆனது. ஜூலை 31 செப்டம்பர் 15 ஆகி, கடைசியில் ஒரு நாள் கூட்டி 16 ஆனது. ஆனால் 2023-லும் 2024-லும் நீட்டவில்லை. தவறவிட்டால் 5 லட்சத்துக்கு மேல் வருமானமுள்ளவருக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்குக் கீழ் 1,000. பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி. பலரும் இதை மட்டும் பார்த்து, போனால் போகிறது என்கிறார்கள். கட்டணம் சிறிய விஷயம். சம்பளக்காரரும் ஓய்வூதியரும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்தத் தேதியோடு போய்விடுகிறது. பங்கில் விட்ட நஷ்டத்தை அடுத்த ஆண்டு லாபத்தில் கழிக்கும் உரிமையும் போகிறது. மனை விற்ற பணத்தில் வீடு வாங்க நினைத்து இன்னும் வாங்காதவர், அந்தத் தொகையை அதே தேதிக்குள் வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டிருக்க வேண்டும்; சாதாரண வைப்புத்தொகையில் கிடந்தால் செல்லாது. இந்த மூன்றையும் மின்னஞ்சலில் யாருக்குப் பொருந்துமோ அவருக்கு மட்டும் எழுதினால், கெடு ஏன் என்பது அவருக்குப் புரியும். எல்லோருக்கும் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஆவணங்களை அனுப்பும் முறை பற்றியும் நாலு வார்த்தை. பத்திரத்தைக் கைபேசியில் படமெடுக்கும்போது முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். சொத்து விவரம் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். வங்கி அறிக்கையின் பிடிஎஃப் கடவுச்சொல் கேட்கும். அதைச் சொல்லாமல் அனுப்பினால் இரண்டு நாள் வீண். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா என்பதை ஜூனிலேயே கேட்டுவிட வேண்டும். கணக்கைத் தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்ப்பு முடிக்க வேண்டும். ஓடிபி பழைய எண்ணுக்குப் போனால் வேறு வழி தேட வேண்டும், கையெழுத்திட்ட படிவத்தை பெங்களூருக்கு அஞ்சலில் அனுப்பும் நிலைகூட வரும். சரிபார்க்காத கணக்கு தாக்கல் செய்யாத கணக்குக்குச் சமம்.

இவை எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது, துறையின் தளத்தில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் முகவரி யாருடையது என்ற கேள்வியை. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் அடக்கம். பொய்யான கழிவுகளைக் காட்டி ஊழியர்களுக்கு ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்த இடைத்தரகர்களைக் குறிவைத்த சோதனை அது. மொத்தமாகக் கணக்குத் தாக்கல் செய்வதற்கென்றே சிலர் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைத் தொடங்கி, வேலை முடிந்ததும் கைவிட்டார்கள் என்றும், அதனால் துறையின் கடிதங்கள் படிக்கப்படாமலே கிடந்தன என்றும் துறை சொன்னது. கணக்கில் கையெழுத்து வாடிக்கையாளருடையது, அபராதமும் அவருக்குத்தான். வருமானத்தைத் திரித்துக் காட்டியதாக முடிவானால் அது வரியில் 200 சதவீதம்வரை போகும். நாணயமான ஆடிட்டரின் மின்னஞ்சல், 'தளத்தில் உங்கள் சொந்த முகவரியும் உங்கள் கைபேசி எண்ணும்தான் இருக்கின்றனவா என்று நீங்களே ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்' என்று கேட்கும். ரசீது இல்லாத கழிவை எழுத மாட்டோம் என்றும் சொல்லும்.

கடைசியாக ஒன்று. ஜூன் மின்னஞ்சல் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பிடிக்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. நிலம் விற்ற லாபத்தை, அரசு அறிவித்த நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட்டால், 50 லட்சம்வரை அந்த லாபத்துக்கு வரியே இல்லை. ஐந்து ஆண்டு எடுக்க முடியாது, வட்டி குறைவு. ஆனாலும் ஓய்வூதியருக்குக் கணக்குப் பார்க்கத்தக்க வழி. நம் ஆசிரியை விற்றது அக்டோபரில். ஆறு மாதம் ஏப்ரலில் முடிந்துவிட்டது. ஜூனில் கேட்டபோது அந்தக் கதவு மூடியாயிற்று. எனவே ஜூன் மின்னஞ்சலுக்கு முன்னோடியாக அக்டோபரில் ஒன்றும் ஜனவரியில் ஒன்றும் போக வேண்டும். பட்டியல் வேண்டாம், கெடு வேண்டாம். 'நிலமோ வீடோ விற்றீர்களா, விற்கப் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? அட்வான்ஸ் வாங்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்' என்ற இரண்டு வரி போதும்.